ஒரே மூலையில் இரண்டு கதவுகள்

*சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டின் பின்பக்கம் அம்மாவுக்காக ஓர் அறை கட்டுகிறோம். உள்ளளவு கிழக்கு மேற்காக 10 அடி, தெற்கு வடக்காக 9 அடி. மேற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் 4க்கு 7 அடியில் பாத்ரூம். அறைக் கதவு தெற்குச் சுவரில், பாத்ரூம் கதவு மேற்குச் சுவரில். இரண்டும் தென்மேற்கு மூலையிலேயே வருகின்றன. இரண்டும் இடித்துக்கொள்ளும், பாத்ரூமுக்கு ஸ்லைடிங் போடுங்கள் என்கிறார் ஆச்சாரி. பிவிசி மடக்குக் கதவு போதும், செலவும் குறைவு என்கிறார் மேஸ்திரி. குளோசெட் குழாய் போட்டாகிவிட்டதால் பாத்ரூம் வாசலைத் தள்ளி வைக்க முடியாது. லிண்டல் மட்டம் வரை சுவர் வந்துவிட்டது, லிண்டல் இன்னும் போடவில்லை. அம்மாவுக்கு 74 வயது, வாக்கர் வைத்து நடக்கிறார். ஒரு கட்டிலும் ஸ்டீல் பீரோவும் உள்ளே வர வேண்டும். யார் சொல்வதைக் கேட்பது?*

அன்புள்ள சகோதரிக்கு,

ஆச்சாரி சொல்வதைக் கேளுங்கள். பாத்ரூமுக்கு ஸ்லைடிங், அதுவும் சுவரின் அறைப் பக்கத்தில், மேலே தொங்கும் வகை. அறைக் கதவு சாதாரணக் கீல் கதவாகவே இருக்கட்டும். ஆனால் அதன் கீல் எந்தப் பக்கம், நிலையைச் சுவரின் எந்த முகத்தில் வைப்பது என்ற இரண்டையும் ஆச்சாரியிடமும் மேஸ்திரியிடமும் விடாமல் இப்போதே நீங்கள் முடிவு செய்ய வேண்டும். லிண்டல் போடாத நிலையில் கேட்டீர்கள், நல்லதாயிற்று. லிண்டல் போட்ட பிறகு நான் சொல்லப்போவதில் பாதியைச் செய்ய முடியாது.

முதலில் இடிப்பது எப்படி என்று பார்த்துவிடுவோம். மூலையிலிருந்து 6 அங்குலம் சுவர் விட்டு இரண்டு நிலைகளையும் வைப்பதாகக் கொள்ளுங்கள். அறைக்கு 3 அடி நிலை, பாத்ரூமுக்கு இரண்டரை அடி நிலை. வழக்கமான இரண்டரை அங்குலச் சட்டம் என்றால் அறைக் கதவின் அகலம் 32 அங்குலம், பாத்ரூம் கதவு 26 அங்குலம். அறைக் கதவின் கீலை மூலைப் பக்கம் வைத்தால், உள்ளே திறந்த கதவு மேற்குச் சுவரை ஒட்டி நிற்கும். அதாவது நேராக பாத்ரூம் வாசலின் முன்னால் நிற்கும். அறை திறந்திருந்தால் பாத்ரூமுக்கு வழி இல்லை. பாத்ரூம் கதவை வெளியே திறக்கும்படி வைத்து அதன் கீலையும் மூலைப் பக்கம் வைத்தால், அது போய் அறை வாசலை அடைக்கும்.

சரி, இரண்டு கீல்களையும் மூலையை விட்டுத் தள்ளியே வைத்துவிடலாமே என்று தோன்றும். அப்படி வைத்தால் அறைக் கதவின் கீல் மூலையிலிருந்து தெற்குச் சுவரில் 40 அங்குலத்தில் வரும், பாத்ரூம் கதவின் கீல் மேற்குச் சுவரில் 34 அங்குலத்தில் வரும். இரண்டு கீலுக்கும் இடையே குறுக்காக அளந்தால் 52 அங்குலத்துக்குச் சற்று அதிகம். இரண்டு கதவுகளின் அகலத்தைக் கூட்டினால் 58. கூட்டுத்தொகை இடைவெளியைவிடக் குறைவாக இருந்தால் கதவுகள் எப்படித் திறந்தாலும் ஒன்றையொன்று தொடாது. அதிகமாக இருந்தால் ஐயம்தான், வரைந்து பார்க்க வேண்டும். உங்கள் மூலையில் இரண்டும் சுழல்கிற இடம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிறது. அம்மா பாத்ரூம் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும் நேரத்தில் நீங்கள் காபியோடு அறைக் கதவைத் தள்ளினால் கதவு கதவில் மோதும், அதிர்ச்சி வாக்கருக்குப் போகும்.

அப்படியானால் பாத்ரூம் கதவை உள்பக்கம் திறக்க வைத்தால் மோதலே இல்லையே என்று மேஸ்திரி கேட்கக்கூடும். நம் ஊரில் பெரும்பாலான பாத்ரூம் கதவுகள் உள்ளேதான் திறக்கின்றன. கதவில் தெறித்த தண்ணீர் உள்ளேயே சொட்டும், அறைத் தரை நனையாது. நடக்கத் தடுமாறாதவர்களுக்கு அது சரியான முறைதான். உங்கள் அம்மாவுக்கு வேண்டாம் என்று நான் அழுத்தமாகச் சொல்வேன். பாத்ரூமின் அகலம் 48 அங்குலம். அதில் 26 அங்குலத்தைக் கதவு சுழன்று எடுத்துக்கொள்கிறது. வாக்கரோடு உள்ளே போனவர் கதவைச் சாத்த, அந்த வீச்சுக்கு வெளியே வாக்கரையும் தன்னையும் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். அதற்கு இடமே இல்லை. கடைசியில் கதவைத் திறந்தே வைத்துப் பழகிவிடுவார்கள், அல்லது வாக்கரை வெளியே விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு போவார்கள். விழுவது பெரும்பாலும் அப்படித்தான். அப்படி விழுந்து கதவின் பின்னால் கிடந்தால், உள்ளே திறக்கும் கதவை வெளியிலிருந்து தள்ள முடியாது. தள்ளினால் அவர் மேலேயே அழுத்தும். வயதானவர்களின் பாத்ரூமுக்கு உள்ளே திறக்கும் கதவு கூடாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

வெளியே திறக்கும் கீல் கதவில் அந்த ஆபத்து இல்லை. அதில் சிக்கல் வேறு. வெளியே திறக்கும் கதவைத் தன் பக்கம் இழுக்கிறவர் இரண்டு எட்டு பின்னால் போக வேண்டும். வாக்கர் பிடித்தவருக்கு மிகக் கடினமான அசைவு பின்னால் நடப்பதுதான். ஒரு கையை எடுத்துக் கைப்பிடியைப் பிடித்து, இன்னொரு கையால் வாக்கரைப் பின்னால் இழுத்து, கதவு காலில் படாமல் விலகுவது 74 வயதில் ஒவ்வோர் இரவும் செய்யக்கூடிய வேலை இல்லை. ஸ்லைடிங் கதவுக்கு நின்ற இடத்திலிருந்தே பக்கவாட்டில் ஒரு தள்ளு போதும். அறைப் பக்கச் சுவரில் தொங்குவதால் உள்ளே யார் விழுந்து கிடந்தாலும் அது திறக்கும். அறைக் கதவோடு மோதவும் மோதாது. உங்கள் மூன்று பிரச்சினைகளும் இந்த ஒரு முடிவில் தீர்கின்றன.

இன்னொரு லாபம் வழியின் அகலம். இரண்டரை அடி நிலை என்றால் 30 அங்குலம் வழி கிடைக்கும் என்று நினைக்கிறோம். இருபக்கச் சட்டமும் போனால் 25, திறந்து நிற்கும் கதவின் கனமும் போனால் ஏறக்குறைய 24தான் மிஞ்சும். அம்மாவின் வாக்கரைக் கால்களின் வெளிப்பக்கம் அளந்து பாருங்கள், பெரும்பாலும் 20 முதல் 24 அங்குலம் இருக்கும். தினமும் இடித்துக்கொண்டுதான் போக வேண்டும். ஸ்லைடிங்குக்கு மரச் சட்டமே தேவையில்லை. சுவரில் 36 அங்குலத் திறப்பு விட்டு, இருபக்கமும் முக்கால் அங்குல கிரானைட் ஒட்டினால் போதும். கைப்பிடி இடிக்காமல் இருக்கக் கதவு மூன்று அங்குலம் வெளியே தெரிய நின்றாலும் 31 அங்குலத்துக்குக் குறையாமல் வழி கிடைக்கும். பின்னால் எப்போதாவது சக்கர நாற்காலி தேவைப்பட்டாலும் 25, 27 அங்குல நாற்காலி நுழைந்துவிடும். குளோசெட் இருக்கும் இடம் மாறாமல், வாசலை மூலையிலிருந்து 6 அங்குலத்தில் தொடங்கி 42 அங்குலம் வரை அகலப்படுத்துங்கள் என்று மேஸ்திரியிடம் சொல்லுங்கள்.

ஸ்லைடிங் கதவு சரியாக ஓடுவதும் ஓடாததும் மேலே அது தொங்கி ஓடும் டிராக்கைப் பொறுத்தது. கதவு இருபக்கமும் திறப்பின்மேல் இரண்டு அங்குலம் படியும்படி 40 அங்குல அகலம் வேண்டும். சாத்தியிருக்கும்போது மூலையிலிருந்து 4 அங்குலத்தில் தொடங்கி 44 வரை நிற்கும், திறக்கும்போது 44 முதல் 84 வரை போகும். ஆகவே டிராக் 80 அங்குலம், அதாவது 6 அடி 8 அங்குலம். பாத்ரூமுக்கு ஏற்ற, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூ.பி.சி. பலகை 30 மில்லிமீட்டர் கனத்தில் எடுத்தால் இந்த அளவுக் கதவு 40 கிலோ பக்கம் வரும். 80 கிலோ தாங்கும் ரோலர் செட்டாக வாங்குங்கள். அந்த எடை முழுவதும் டிராக்கின் ஆணிகளில் தொங்குகிறது. செங்கல்லும் கலவையும் உள்ள சுவரில் ஆணி அடித்தால் ஓரிரு வருடத்தில் தளர்ந்து, கதவு ஒரு பக்கம் தாழ்ந்து தரையில் உரசும். அதனால் பாத்ரூம் லிண்டலை வாசலோடு நிறுத்தாமல், மூலையிலிருந்து ஏழரை அடி வரை ஒரே நீளமாகப் போடச் சொல்லுங்கள். டிராக் முழுவதும் கான்கிரீட்டில் பிடிக்கும். கூடுதலாகக் கொஞ்சம் கம்பியும் கலவையும்தான் செலவு.

தரையில் டிராக் வேண்டவே வேண்டாம். வாக்கரின் கால் அதில் சிக்கும். வேலூர்ப் புழுதியும் தலைமுடியும் சேர்ந்து ஒரே மாதத்தில் அந்தக் காடியை அடைத்துவிடும். மேலே தொங்கும் கதவுக்குக் கீழே ஒரு சின்ன வழிகாட்டித் துண்டு மட்டும் போதும், அது நடக்கும் வழிக்கு வெளியே, சுவரோரத்தில் இருக்கும்.

சாமான் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். நம் பாலாற்றுப் படுகையில், ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை, பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அந்தத் தண்ணீர் தெறிக்கும் இடத்தில் சாதாரண இரும்புத் திருகும் கீலும் சீக்கிரமே துருப்பிடித்துவிடும். டிராக் அலுமினியமாகவும், ரோலர் நைலானாகவும், திருகுகள் 304 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் இருக்கட்டும். டிராக் அறைப் பக்கம், அதாவது காய்ந்த பக்கம், இருக்க வேண்டும் என்று சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஸ்லைடிங்கில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். சுவருக்கும் கதவுக்கும் இடையே அரை அங்குலத்துக்குக் குறைவான சந்து இருந்தே தீரும். சத்தம் வெளியே கேட்கும், வாடையும் வரும். ஓரங்களில் பிரஷ் பட்டை ஒட்டினால் ஓரளவு அடங்கும். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடினால் காற்று அந்தச் சந்து வழியாக அறையிலிருந்து பாத்ரூமுக்குள் போகும், வாடை அறைக்குள் வராது. ஆகவே ஃபேனுக்கு இப்போதே வெளிச்சுவரில் துளை விடச் சொல்லுங்கள். தாழ்ப்பாளுக்குக் கொக்கி வகைப் பூட்டு, வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கும்படியானது, வாங்குங்கள். உள்ளே மட்டும் போடுகிற குதிரைத் தாழ்ப்பாளைப் பொருத்திவிட்டால் விழுந்தவரைத் தூக்க உடைத்துத்தான் திறக்க வேண்டும், ஸ்லைடிங் போட்டதே வீணாகும்.

வாசலில் கட்டை வைப்பதையும் தடுத்துவிடுங்கள். தண்ணீர் வெளியே வராமல் இருக்க இரண்டு மூன்று அங்குலம் உயரக் கட்டை வைப்பது வழக்கம், வாக்கருக்கு அது மதில். அதற்குப் பதிலாக பாத்ரூம் தரையை அறையைவிட அரை அங்குலம் மட்டும் தாழ்த்தி, அந்த இடத்தைச் சரிவாகத் தேய்த்துவிடலாம். தரை வாசலிலிருந்து எதிர்முனை ஜாலி வரை மொத்தம் ஓர் அங்குலம் சரிய வேண்டும். ஒரு செம்பு தண்ணீரை வாசலில் ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: தேங்கினாலோ அறைப் பக்கம் திரும்பினாலோ டைல்ஸ்காரர் திரும்ப வர வேண்டும்.

மேஸ்திரி சொன்ன பிவிசி மடக்குக் கதவைப் பற்றி. அது மடங்கி நிற்கும்போது அதன் மடிப்புகளே நாலைந்து அங்குல வழியை எடுத்துக்கொள்ளும். 25 அங்குல வழி 20 ஆகிவிடும், வாக்கர் நுழையாது. அதைவிட முக்கியம், தடுமாறுகிறவர் கை போகிற முதல் இடம் கதவுதான். சாய்ந்தால் மடக்குக் கதவு அப்படியே உள்வாங்கி மடங்கும், அவரும் கூடவே போவார். வாஷிங் மெஷின் வைக்கும் மாடத்துக்கு, மாடிப்படிக்குக் கீழே சாமான் போடும் இடத்துக்கு அது மிகவும் நல்ல கதவு. அங்கே மேஸ்திரியின் யோசனையைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

இனி அறைக் கதவு. சித்திரை வைகாசியில் நம் ஊர் வெயிலுக்கு யாரும் பகலில் அறைக் கதவைச் சாத்தி வைப்பதில்லை. அம்மா இருக்கும் அறை என்றால் இரவிலும் திறந்துதான் இருக்கும், கூப்பிட்டால் கேட்க வேண்டும் அல்லவா. ஆகவே இந்தக் கதவு சாத்தியிருக்கும்போது எப்படி என்பதைவிட, திறந்து எங்கே நிற்கிறது என்பதுதான் முக்கியம். கீல் மூலைப் பக்கம் இருந்தால் பாத்ரூம் வாசலை மறைக்கும் என்று பார்த்தோம், பாத்ரூமுக்கு ஸ்லைடிங் போட்டாலும் அந்தக் குறை மாறாது. எனவே கீல் கிழக்குப் பக்கம். ஆனால் கிழக்குப் பக்கக் கீலில் கதவு தொண்ணூறு பாகையில் நின்றுவிட்டால், அறைக்குள் 32 அங்குலத்துக்கு ஒரு தடுப்புச் சுவர் போல நீட்டிக்கொண்டிருக்கும். கட்டிலிலிருந்து பாத்ரூமுக்குப் போகிற வழி அதன் முனைக்கும் கட்டிலுக்கும் நடுவில் 28 அங்குலமாகச் சுருங்கிவிடும்.

கதவு முழுதாக மடிந்து தெற்குச் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். அதற்கு நிலையை எங்கே வைக்கிறோம் என்பதுதான் விஷயம். 9 அங்குலச் சுவரின் நடுவில் நாலங்குல நிலையை வைத்தால், கதவு திறக்கும்போது சுவரின் ஓரத்தில் இடித்து நின்றுவிடும், அதற்குமேல் மடியாது. நிலையின் முகம் அறைப் பக்கத்துப் பூச்சோடு ஒரே மட்டமாக இருந்தால்தான் முழுதாக மடியும். பூச்சு அரை அங்குலத்துக்குமேல் வரும், ஆகவே செங்கல் முகத்தைவிட அந்த அளவு நிலை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி வைக்கச் சொல்லுங்கள். செங்கல்லோடு மட்டமாக வைத்துவிட்டு, பூசியபின் பார்த்தால் நிலை உள்வாங்கியிருக்கும், கதவும் பாதியில் முட்டும். நிலை நிறுத்தும் அன்று நீங்களோ வீட்டில் ஒருவரோ பக்கத்தில் இருந்து ஸ்கேலை வைத்துப் பார்த்துவிடுங்கள். மடிந்த கதவை ஃபேன் காற்று திருப்பிவிடாமல் இருக்க ஒரு காந்த ஸ்டாப்பர் போதும்.

இந்த ஏற்பாட்டில் சுவிட்ச் போர்டுக்கு இடம் போய்விடுகிறது, அதை எலெக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே தீர்க்க வேண்டும். கதவு திறக்கிற பக்கத்தில் 6 அங்குலச் சுவர்தான் உண்டு. மேற்குச் சுவரில் 84 அங்குலம் வரை ஸ்லைடிங் ஓடும். கீல் பக்கத்தில் வைத்தால் மடிந்த கதவின் பின்னால் மறைந்துவிடும், இருட்டில் கதவுக்குப் பின்னால் கை விட்டுத் தேட வேண்டும். அறை விளக்குக்கு டூ-வே சுவிட்ச் போடுங்கள்: ஒன்று அறைக்கு வெளியே கதவோரம், இன்னொன்று கட்டில் தலைமாட்டில். பாத்ரூம் விளக்கும் தலைமாட்டிலிருந்தே எரியும்படி இருந்தால் அம்மா இருட்டில் இறங்க வேண்டியதில்லை. கீசர் சுவிட்ச் மேற்குச் சுவரில் ஏழடிக்கு அப்பால் போகட்டும்.

கட்டில் 4க்கு ஆறரை அடி போதும் என்றால், வடக்குச் சுவரை ஒட்டி, கிழக்கே தலை வைத்துப் போடலாம். அதன் கால்மாட்டுக்கும் மேற்குச் சுவருக்கும் நடுவில் 42 அங்குலம் இருக்கும், ஸ்லைடிங் கதவின் கனம் போனாலும் வாக்கருக்குத் தாராளம். கட்டிலின் தெற்குப் பக்கம் தெற்குச் சுவர் வரை 5 அடி திறந்த இடம். பீரோவைத் தென்கிழக்கு மூலையில், மேற்கே பார்த்து வையுங்கள். வழக்கமான பீரோ 36 அங்குல அகலம், 19 அங்குல ஆழம், அதன் கதவுகள் ஒவ்வொன்றும் 18 அங்குலம் வீசும். தென்மேற்கு மூலையிலிருந்து அளந்தால் பீரோ கதவு 83 அங்குலத்தில் நிற்கிறது, மடிந்த அறைக் கதவு 72க்குள் முடிந்துவிடுகிறது. மோதாது.

காகிதக் கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். தரை நிரப்பி மட்டமாக்கியிருப்பார்கள். கீல் வரும் இடத்தில் ஓர் ஆணி, அதில் கதவின் அகலத்துக்கு ஒரு நூல். நூலை இழுத்துச் சுற்றிக் கோலமாவால் வளைவைப் போடுங்கள். கட்டில், பீரோ, ஸ்லைடிங் கதவு எல்லாவற்றையும் அதே அளவில் கோடு போட்டு, அம்மாவை வாக்கரோடு கட்டில் இடத்திலிருந்து பாத்ரூம் வாசல் வரை ஒரு முறை நடக்கச் சொல்லுங்கள். வாக்கரின் கால் எந்தக் கோட்டையாவது மிதித்தால் அங்கே சாமானை நகர்த்துங்கள். லிண்டலுக்குப் பலகை அடிக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும்.

ஸ்லைடிங் செட்டுக்கு இப்போது பணம் புரளவில்லை என்றால் வழி இருக்கிறது. 36 அங்குலத் திறப்பையும் ஏழரை அடி லிண்டலையும் மட்டும் விடாதீர்கள். இப்போதைக்கு அந்தத் திறப்பில் 3 அடி நிலை வைத்து, கீலை வடக்குப் பக்கம் வைத்து, வெளியே திறந்து மேற்குச் சுவரோடு முழுதாக மடியும்படி ஒரு கதவு மாட்டுங்கள். இரண்டு கதவுகளும் ஒரே நேரத்தில் அசைந்தால் மோதும் என்பதால் அறைக் கதவை ஸ்டாப்பரில் மாட்டியே வைத்திருக்க வேண்டும், பாத்ரூம் போகும்போது அம்மாவுக்குக் கதவு திறந்துவிட ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் வந்ததும் அந்த நிலையை எடுத்துவிட்டு, ஓரத்துக்குக் கிரானைட் ஒட்டி, டிராக்கை லிண்டலில் முடுக்கிவிடலாம், சுவரை உடைக்கத் தேவை இருக்காது.